வாழ்த்துமடல்: குறிப்புகளைக் கோவையாக்குதல்

பணிநிறைவு வாழ்த்துமடலில் "கடமை வீரர், பண்பின் சிகரம்" என்று அடுக்கினால் அது யாருக்கும் பொருந்திவிடும். பெயரை மாற்றி வாசித்துப் பார்த்தாலே தெரியும். மேடைகளில் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறோம்.

பள்ளி அலுவலக உதவியாளர் ஒருவரைப் பற்றிய குறிப்புகள் இவை எனக் கொள்வோம்: 28 ஆண்டுப் பணி, மிதிவண்டியில் வருகை, மணி அடித்தல், சேர்ந்த ஆண்டில் நட்ட வேப்பங்கன்று. மற்றவற்றைத் தன்னோடு இழுத்துவரும் குறிப்பு மணிதான். அதிலிருந்து தொடங்கலாம்:

"9 மணிக்கு முதல் மணி ஒலிக்க, நீங்கள் 8 மணிக்கே மிதிவண்டியில் கிளம்பிவிடுவீர்கள். மணியடிக்கும் முன் கிடைத்த அரைமணி நேரத்தில் நீங்கள் நீரூற்றி வளர்த்த வேம்பின் நிழலில்தான் இன்று உட்கார்ந்திருக்கிறோம். அதற்கும் வயது 28."

இதில் "நேரந்தவறாதவர்" என்ற சொல்லுக்கே வேலையில்லை. அவர் பெற்ற சான்றிதழ் இந்த ஓட்டத்தில் சேராவிட்டால் விட்டுவிடலாம். வலிந்து ஒட்டினால் மீண்டும் பட்டியலாகிவிடும்.