திருத்தியும் ஆறாத செய்தி

பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்காவில் இரவுப்பணியை முடித்த ஒருவர், காலை ஆறரை மணிக்கு நிறுவனப் பேருந்தில் ஏறி அமர்கிறார். இரவு முழுவதும் லாக்கரில் இருந்த கைப்பேசியைத் திறந்ததும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கோவையில் வாழும் தங்கையின் செய்தி கண்ணில் படுகிறது. "மூன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. அப்பா குடிக்கும் தண்ணீரைக் கவனிக்க அந்த வீட்டில் ஒருவருக்குமா நேரமில்லை?"

அவர்களின் தந்தை வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். சிறுநீரகம் செயலிழந்தபின், பருகும் நீரில் பெரும்பகுதி உடலிலேயே தங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் தங்கினால் எடை ஏறத்தாழ ஒரு கிலோ கூடும். அதனால்தான் ஒவ்வொரு சிகிச்சைக்கு முன்பும் எடை பார்க்கப்படுகிறது. அன்று எழுதப்பட்ட அட்டையை அண்ணன்தான் படமெடுத்துக் குழுவில் இட்டிருந்தார். அதைக் கண்டே தங்கை எழுதினார்.

நோயாளர் குடும்பங்கள் பலவற்றில் நாம் கேட்பவற்றை ஒன்றிணைத்து எழுதப்பட்டதே இந்நிகழ்வு. எந்த ஒரு குடும்பத்தையும் இது குறிக்கவில்லை. ஆயினும் இதைப் படிக்கும் பலருக்கு இது தம் வீட்டுக் கதையாகவே தோன்றக்கூடும்.

நான்கு வரைவுகள்

அண்ணன் முதலில் எழுதியது: "மாதம் ஒருமுறை வந்து போகிறவர்களுக்குக் கேள்வி கேட்பது எளிது." அனுப்பாமல் அழித்தார்.

இரண்டாவது: "இங்குள்ள நிலைமை உனக்குத் தெரியாது." அதையும் அழித்தார்.

மூன்றாவது: "உன் அக்கறைக்கு நன்றி. உன் அண்ணி விடியற்காலை முதல் அப்பாவுடன்தான் இருக்கிறாள்." பணிவாகத் தெரிந்தாலும், அந்த 'நன்றி'யில் முள் இருப்பதை அவரே உணர்ந்தார்.

நான்காவது: "சரி, இனிக் கவனிக்கிறோம்." இதில் சுடுசொல் ஏதுமில்லை. ஆனால், செய்யாத தவற்றை ஒப்புக்கொள்வதுபோல் இருந்தது. இதை அனுப்பியிருந்தால் தங்கை அமைதியடைந்திருப்பார். அண்ணனின் மனக்காயமோ அடுத்த செய்தி வரும்வரை உள்ளேயே இருந்திருக்கும்.

இந்நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இவை ஒரே செய்தியின் நான்கு வடிவங்கள் அல்ல. முதலாவது தாக்குதல், இரண்டாவது விலக்கம், மூன்றாவது தற்காப்பு, நான்காவது பணிந்துபோதல். திருத்தத் திருத்தச் சொல் மட்டும் மாறினால், அந்தச் செய்தியைத் திருத்தலாம். ஒவ்வொரு திருத்தத்திலும் பொருளே மாறுகிறது என்றால், எதைச் சொல்வது என்பதே இன்னும் முடிவாகவில்லை. அங்கே எழுதுவதை நிறுத்திவிடுவதே நன்று.

இதற்கு மாறான ஒரு செய்தியையும் எண்ணிப் பார்க்கலாம். "வியாழக்கிழமையாவது நீ வந்து தொலைக்கக்கூடாதா?" என்பது கடுமையானது. ஆனால் அதனுள் தெளிவான ஒரு வேண்டுகோள் உண்டு. "வியாழக்கிழமை டயாலிசிஸுக்கு அப்பாவுடன் நீ வர இயலுமா?" என்று மாற்றினால் போதும், அழைப்புத் தேவையில்லை.

எழுத்தில் விடுபடும் குரல்

அண்ணனின் பதில் முழுவதும் ஓர் ஊகத்தின்மேல் நின்றது. தங்கை தன் மனைவியைக் குற்றம் சாட்டுகிறாள் என்பதே அந்த ஊகம். அது மெய்யா என்பதை அந்த இரு வரிகளைக் கொண்டு அறிய முடியாது.

2005ஆம் ஆண்டு ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை உண்மையாகவும் பிறருக்குத் தெரிவிக்குமாறு பங்கேற்றோரிடம் கூறினர். தம் தொனியை ஏறத்தாழ 78 விழுக்காடு சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியோர் நம்பினர். குரலில் கேட்டவர்கள் ஏறத்தாழ 73 விழுக்காடு சரியாகக் கண்டனர். மின்னஞ்சலில் படித்தவர்களோ 56 விழுக்காடு மட்டுமே கண்டனர். அது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல்.

அதே ஆய்வில் பயனுள்ள இன்னொரு செய்தியும் உண்டு. தம் வாக்கியத்தைத் தாம் எண்ணியதற்கு எதிரான தொனியில் உரக்கப் படித்துப் பார்த்தவர்களுக்கு, அந்த மிகையான நம்பிக்கை குறைந்தது. இதை வீட்டிலும் செய்யலாம். எழுதியதைச் சினங்கொண்ட குரலில் ஒருமுறை படியுங்கள். இயல்பாகவே பொருந்தினால், பெறுபவரும் அவ்வாறே படிக்கக்கூடும். திருத்திய பின்னும் அது பொருந்துகிறது என்றால், அங்குத் தேவைப்படுவது குரல்.

அழைக்க மனம் தயங்குவது இயல்பே. 2021இல் அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரைத் தொலைபேசியில் அழைப்பது மின்னஞ்சலைவிடச் சங்கடமாயிருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். அழைத்துப் பேசியவர்களுக்கோ அத்தகைய சங்கடம் நேரவில்லை, நெருக்கம் கூடியது.

அழைப்பு

அண்ணன் உடனே அழைக்கவில்லை. உறக்கமில்லாத இரவுக்குப் பின், அதுவும் பேருந்தில், பேசியிருந்தால் குரலும் சுட்டிருக்கும். குழுவில் எதுவும் எழுதாமல், தங்கைக்குத் தனியே ஒரு வரி அனுப்பினார்: "எடையைப் பற்றி நேரில் பேசுவதுபோல் பேசுவோம். மாலை ஐந்து மணிக்கு அழைக்கட்டுமா?" உறங்கி எழுந்த பிறகு அழைத்தார். தன் விளக்கத்தை ஒதுக்கிவைத்து, முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "அந்த எண்ணைப் பார்த்ததும் உனக்கு என்ன தோன்றியதம்மா?"

தங்கை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பயமாக இருந்தது அண்ணா. போன முறை மூச்சுத்திணறி அப்பாவை நள்ளிரவில் கொண்டுபோனீர்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. அண்ணியைச் சொல்லவில்லை" என்றார்.

அதன்பின் அண்ணனால் உள்ளதைச் சொல்ல முடிந்தது. அளந்து வைத்த நீருக்கு மேல் அப்பா கேட்டு வாங்கிக் குடிக்கிறார். தாகம் தாளாமல் தவிக்கிறார். "சாப்பாட்டுக்கு என்ன தொட்டுக்கொள்கிறார்?" என்று தங்கை கேட்டார். அவர் அனுப்பிய மாங்காய் ஊறுகாயும் மோர் மிளகாயும்தான். உப்பு மிகுந்தால் தாகம் மிகும். தாகம் மிகுந்தால் நீரும் எடையும் மிகும். இருவரும் ஒரே நேரத்தில் இதை உணர்ந்தனர். எந்த வரைவிலும் இந்த உண்மை இல்லை. எழுதத் தொடங்கியபோது அது இருவருக்குமே தெரியாது.

அழைப்பும் பொருந்தாத இடங்கள்

மருந்தின் அளவு, சிகிச்சை நாள், செலுத்திய தொகை ஆகியவை எழுத்தில் இருப்பதே பாதுகாப்பு. தொலைபேசியில் பேசி முடிவெடுத்தாலும், முடிவை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். அண்ணனும் அவ்வாறே குழுவில் இட்டார்: "ஊறுகாய், மோர் மிளகாய் நிறுத்தம். நீர், மருத்துவர் சொன்ன அளவு. உணவுமுறையை உணவியல் ஆலோசகரிடம் கேட்கிறோம்."

அழைத்தால் வசைபாடுபவரிடமும், சொன்னதைப் பின்னர் மறுப்பவரிடமும் எழுத்தே ஏற்றது. இயந்திரத்தின் முன் பணியில் இருப்பவரை எதிர்பாராமல் அழைப்பதும் தகாது; நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறல், நினைவு மங்குதல் போன்றவை தோன்றினால் குடும்பத்துக்குள் பேசிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனையை அழையுங்கள். அல்லது 108ஐ அழையுங்கள்.

அடுத்த முறை ஒரு பதிலை மூன்றாம் தடவை அழிக்கும்போது, உங்களை ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நான் அவரிடம் சொல்ல விரும்புவது என்ன? ஒரு வாக்கியத்தில் விடை கிடைத்தால் அதை எழுதுங்கள். "அவர் ஏன் அப்படிச் சொன்னார்?" என்பதே விடையாக வந்தால், அதை அவரிடமே கேளுங்கள்.