கேள்வித்தாளில் இல்லாத இரண்டு நிபந்தனைகள்

மெல்லிய வட்டமான செப்புத் தகடு ஒன்று. ஆரம் 10 செ.மீ. மேல்முகமும் அடிமுகமும் வெப்பம் புகாதபடி மூடப்பட்டிருக்கின்றன. வெப்பம் உள்ளே வரவோ வெளியே போகவோ விளிம்பு ஒன்றுதான் வழி. விளிம்பின் மேல் பாதியை 100 டிகிரியிலும் கீழ் பாதியை 0 டிகிரியிலும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறோம். (தோசைக்கல்லை நினைக்க வேண்டாம், அதற்குச் சூடு அடியிலிருந்து வருகிறது, அது வேறு கணக்கு.) நேரம் போகப் போகத் தகட்டின் உள்ளே வெப்பநிலை மாறுவது நின்றுவிடும். அப்போது நடுவில் என்ன சூடு இருக்கும்? நடுவிலிருந்து நேர் மேலே 5 செ.மீ. தள்ளி என்ன இருக்கும்?

மாறுவது நின்றுவிட்டது என்றால், எந்தப் புள்ளிக்கும் வந்து சேரும் வெப்பமும் அங்கிருந்து கிளம்பும் வெப்பமும் சமம் என்று பொருள். அதாவது, ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையும் அதைச் சுற்றி வரையும் சிறு வட்டத்தின் சராசரிக்குச் சமமாக இருக்கும். லாப்லாஸ் சமன்பாடு சொல்வது இவ்வளவுதான். தகடு செம்போ இரும்போ, சமன்பாட்டுக்குக் கவலையில்லை. இரும்பு இந்த நிலைக்கு வந்து சேர அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். வந்து சேர்ந்த பிறகு இரண்டும் ஒன்றுதான்.

பள்ளியில் பழகிய x, y கொண்டு எழுதினால் சமன்பாடு அழகாக இருக்கும். ஆனால் விளிம்பில் x, y இரண்டும் சேர்ந்தே மாறும், பிரிக்க முடியாது. அதனால் நடுவிலிருந்து தூரம் r, கோணம் θ என்ற துருவ ஆயங்களுக்குப் போகிறோம். இப்போது விளிம்பு என்பது r = 10 என்ற ஒரே வரி. அதற்குக் கொடுக்கும் விலை, சமன்பாடு கொஞ்சம் விகாரமாகிவிடுகிறது:

u_rr + (1/r) u_r + (1/r²) u_θθ = 0

நடுவில் நிற்கும் அந்த 1/r மாணவர்களைப் பயமுறுத்தும். அது வந்த காரணம் எளிது: உள்ளே போகப் போக வளையங்கள் சிறுக்கின்றன. விளிம்பில் அகலமான வழியில் புகுந்த வெப்பம், நடுவை நோக்கி நகரும்போது குறுகிக்கொண்டே போகும் வழியில் நெருக்கியடித்துப் போக வேண்டியிருக்கிறது.

இனி மாறிகளைப் பிரிக்கும் உத்தி. விடை, தூரத்தை மட்டும் சார்ந்த ஒரு துண்டையும் கோணத்தை மட்டும் சார்ந்த ஒரு துண்டையும் பெருக்கியதாக இருக்கட்டும் என்று வைத்துக்கொள்கிறோம். சமன்பாட்டில் இட்டு ஒழுங்குபடுத்தினால் இடப்பக்கம் முழுக்க r, வலப்பக்கம் முழுக்க θ. தூரத்தை மாற்றினாலும் வலப்பக்கம் அசையாது, கோணத்தை மாற்றினாலும் இடப்பக்கம் அசையாது. இரண்டும் எப்போதும் சமமாக இருக்க வேண்டுமானால் இரண்டுமே ஒரே மாறிலியாகத்தான் இருக்க முடியும்.

அந்த மாறிலி எது? விளிம்பைப் பற்றிக் கேள்வியில் தகவல் இருக்கிறது. இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பதில் வட்டத்திடமே இருக்கிறது. ஒரு புள்ளியில் தொடங்கி 360 டிகிரி சுற்றி வந்தால் அதே புள்ளி, அதே வெப்பநிலை. சுற்றச் சுற்ற வளர்ந்துகொண்டே போகும் சார்புகள் எல்லாம் இங்கே விழுந்துவிடுகின்றன; மிஞ்சுபவை sin nθ, cos nθ மட்டும், அதிலும் n முழு எண்ணாக இருந்தால்தான். மாறிலி n² என்று முடிவாகிவிட்டது.

தூரத்தின் துண்டுக்கு ஒவ்வொரு n-க்கும் இரண்டு விடைகள்: rⁿ, 1/rⁿ. n சுழியமானால் ஒரு மாறிலியும் ln r-உம். இங்கே எழுதாத இரண்டாவது நிபந்தனை வருகிறது: தகட்டின் நடுவில் ஓட்டை இல்லை, அங்கும் சாதாரணமான ஒரு வெப்பநிலைதான் இருக்கும். r = 0 என்று இட்டால் 1/rⁿ-உம் ln r-உம் எல்லையின்றிப் போகின்றன. ஆகவே இரண்டையும் தள்ளிவிடலாம். பரீட்சையில் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். வாஷர் மாதிரி நடுவில் ஓட்டை உள்ள தகடு என்றால் இவற்றைத் தள்ளவே கூடாது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மிச்சமுள்ளவற்றை வேண்டிய அளவில் கூட்டி விளிம்பின் 100, 0 கிடைக்கச் செய்ய வேண்டும். நேர்க்கோட்டில் நின்று சட்டென்று குதிக்கும் ஒன்றை வளைந்து நெளியும் சைன்களைக் கூட்டி உண்டாக்க முடியுமா? 1807-இல் ஃபூரியே முடியும் என்று பாரிசில் எழுதிக் கொடுத்தார். பரிசீலித்தவர்களில் லாப்லாசும் இருந்தார். லக்ராஞ்சு ஒப்புக்கொள்ளவில்லை. ஃபூரியேயின் புத்தகம் 1822-இல்தான் வெளிவந்தது. நம் தகட்டுக்கு அவர் முறை தரும் விடை:

u = 50 + (200/π) [ (r/10) sin θ + (1/3)(r/10)³ sin 3θ + (1/5)(r/10)⁵ sin 5θ + … ]

நடுவில் r சுழியம், ஆக 50 டிகிரி: விளிம்பின் சராசரியேதான். நேர் மேலே 5 செ.மீ. தூரத்தில் முதல் உறுப்பு 31.83 சேர்க்கிறது, அடுத்தது 2.65 கழிக்கிறது, அதற்கடுத்தது 0.40 சேர்க்கிறது, அதற்கும் அடுத்தது 0.07 கழிக்கிறது. கூட்டினால் 79.5 டிகிரி. நான்கே உறுப்புகளில் வேலை முடிந்தது. பாதி ஆரத்தில் ஒவ்வொரு உறுப்பும் முந்தையதில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்குவதுதான் காரணம். விளிம்பின் நுணுக்கங்கள் உள்ளே போகப் போக இப்படித்தான் மறைகின்றன.

விளிம்பருகே இந்தச் சௌகரியம் இல்லை. r = 10 ஆகும்போது அடுக்குகள் எதையும் சுருக்குவதில்லை. சூடும் குளிரும் சந்திக்கும் இரண்டு இடங்களுக்குப் பக்கத்தில், எத்தனை உறுப்பு கூட்டினாலும் தொடர் சுமார் 109 டிகிரி வரை எகிறுகிறது. உறுப்புகளைக் கூட்டக் கூட்ட அந்த மேடு சந்திப்பை நோக்கி நகரும், உயரம் குறையாது. வில்பிரகாம் 1848-இல் கவனித்ததை, அரை நூற்றாண்டு கழித்து எழுதிய கிப்ஸ் பெயரால் அழைக்கிறோம். 109 தவறு என்று கண்டுபிடிக்கக் கணினி தேவையில்லை. ஒவ்வொரு புள்ளியும் தன் அக்கம்பக்கத்தின் சராசரி என்றால், தகட்டின் எந்த இடமும் விளிம்பின் அதிகபட்சத்தைத் தாண்ட முடியாது. கைக்கணக்கோ கணினியோ 100-க்கு மேலோ 0-க்குக் கீழோ காட்டினால், பாதியில் நிறுத்திய தொடரின் பிழை அது.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். இந்தத் தொடரை முழுதாகவே கூட்டிவிட முடியும். கூட்டினால் சைன்கள் எல்லாம் மறைந்து ஒரே ஒரு கோணம் மிஞ்சுகிறது. காகிதத்தில் வட்டம் வரைந்து, சூடும் குளிரும் சந்திக்கும் இரண்டு புள்ளிகளைக் குறியுங்கள். மேல் பாதியில் ஏதாவது ஒரு புள்ளியை எடுத்து, அங்கிருந்து அந்த இரண்டுக்கும் கோடு போட்டு, இடையிலுள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்துகொள்ளுங்கள். கோணம் 180-க்கு எவ்வளவு குறைகிறதோ அதை 5/9-ஆல் பெருக்கி 50-உடன் கூட்டினால் அதுதான் வெப்பநிலை. (பாரன்ஹீட்டை மாற்றும்போது வரும் அதே 5/9, தற்செயல்தான்.) நம் 5 செ.மீ. புள்ளியில் கோணம் சுமார் 127 டிகிரி. 53-ஐ 5/9-ஆல் பெருக்கிப் பாருங்கள்.