போட்டோகிராபரிடம் கொடுக்க வேண்டிய ஒரு பக்கம்

மாவட்டத் தடகளப் போட்டிக்குப் புகைப்படக்காரரை அமர்த்தும்போது பல இடங்களில் பேச்சு போனிலேயே முடிந்துவிடுகிறது. "காலையில் ஏழு மணிக்கு வந்துடுங்க, எல்லாத்தையும் எடுத்துடுங்க." எல்லாவற்றையும் எடுப்பது ஒருவரால் ஆகிற காரியமல்ல. ஒரு மூலையில் குண்டு எறிதல் நடக்கும்போதே மறுமூலையில் உயரம் தாண்டுதல் நடக்கும். ஓடுதளத்தில் 100 மீட்டர் ஹீட்ஸ் அடுத்தடுத்துப் போய்க்கொண்டிருக்கும். 14, 16, 18, 20 வயதுக்கு உட்பட்டோர் என்று நான்கு பிரிவு வைத்தால், ஆண், பெண் சேர்த்து எட்டாகிறது. எதை எடுக்க வேண்டும் என்பதைவிட, எதை விட்டுவிடலாம் என்பதைச் சங்கம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் தாளைத்தான் இந்தத் தொழிலில் பிரீஃப் என்கிறார்கள். எந்தப் படங்கள், எத்தனை மணிக்குள், எடுத்த படம் யாருக்குச் சொந்தம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

படப் பட்டியலை ஆசைகளிலிருந்து எழுதக் கூடாது, போட்டியின் நேர அட்டவணையிலிருந்து எழுத வேண்டும். ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். 3.15க்குப் பெண்கள் உயரம் தாண்டுதல் தொடங்குகிறது. 3.30க்கு 18 வயதுக்கு உட்பட்ட மாணவர்களின் 100 மீட்டர் இறுதி. 5 மணிக்கு 4x100 தொடர் ஓட்டம். உயரம் தாண்டுதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும், கம்பி உயர உயரத்தான் சுவாரசியம் கூடும். 100 மீட்டரோ பதினொன்று, பன்னிரண்டு விநாடியில் முடிந்துவிடும், திரும்ப வராது. ஆகவே பட்டியல் இப்படிப் போகும்: 3.20க்கே இறுதிக் கோட்டுக்குப் போய்விட வேண்டும். கோட்டைத் தாண்டி இருபது முப்பது மீட்டர் பின்னால், நடுவர்களையும் போட்டோ ஃபினிஷ் கேமராவையும் மறைக்காத இடத்தில் முட்டி போட்டு அமர வேண்டும். நெஞ்சை முன்னே தள்ளிக் கோட்டைத் தொடும் அந்தக் கணம் முதல் படம். அடுத்த இரண்டு விநாடிகளில் வென்றவரின் முகம் இரண்டாவது. 3.40க்கு மேல் உயரம் தாண்டுதலுக்குப் போனாலும் கடைசி உயரங்கள் மிச்சமிருக்கும். அங்கே மெத்தைக்குப் பின்னால், சற்று ஓரமாக நின்றால்தான் முதுகு வளைத்துக் கம்பியைக் கடப்பவரின் முகம் கிடைக்கும். ஓடிவரும் பக்கம் நின்றால் உள்ளங்கால்தான் கிடைக்கும்.

தொடர் ஓட்டத்தில் சங்கமே ஒரு முடிவெடுத்தாக வேண்டும். பேட்டன் மூன்று இடங்களில் கைமாறுகிறது, மூன்றும் ஒன்றுக்கொன்று தொலைவு. ஒரே ஆள் என்றால் ஒன்றைத்தான் அருகிலிருந்து எடுக்க முடியும், அதை எடுத்தவர் ஓடிவந்து முடிவையும் எடுக்க முடியாது. எனக்கு முடிவுக் கோடுதான் முக்கியம். மூன்றாவது கைமாற்றம் நேர்பாதையின் தொடக்கத்தில் நடப்பதால், நீண்ட லென்ஸ் இருந்தால் கோட்டருகே இருந்தபடியே அதையும் எட்டிப் பிடிக்கலாம். படம் சிறிதாக வரும், ஆனால் வரும்.

எடுக்கக் கூடாதவற்றையும் அதே தாளில் எழுத வேண்டும். "செட்" என்றதும் இடுப்பை உயர்த்தி நிற்கும் மாணவிகளைப் பின்புறமிருந்து எடுக்க வேண்டாம். மயங்கி விழுந்த பிள்ளையை, காலைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளையை நெருக்கத்தில் எடுத்து வெளியிட வேண்டாம். தொடக்கக் கோட்டில் பிளாஷ் அடிக்க வேண்டாம். ஈட்டி, வட்டு விழும் பகுதிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் கால் வைக்க வேண்டாம். ஈட்டி எறிபவர் வலது கைக்காரர் என்றால் ஓடுபாதையின் வலப்புறம், கயிற்றுக்கு வெளியே நின்றாலே மார்பும் முகமும் நன்றாகத் தெரியும்.

அடுத்தது நேரம். "சீக்கிரம் அனுப்புங்க" என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. மாவட்டப் பதிப்புக்குச் செய்தி போக வேண்டுமானால் படம் செய்தியாளர் கைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை அவரிடமே கேட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அவர் ஆறு மணி என்றால், பிரீஃபில் 5.30 என்று போடலாம்: ஐந்து படங்கள், படவிளக்கத்துடன். 5 மணித் தொடர் ஓட்டம் தாமதமானால் அந்த ஐந்தில் அது இருக்காது, தனியாகப் பின்னால் வரும் என்பதையும் எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கடைசி ஓட்டத்துக்காகக் காத்திருந்து ஐந்துமே தவறிப்போகும். மீதிப் படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒளி சரிசெய்து கொடுக்க மூன்று நாள் நியாயமான அவகாசம்.

நேரம் தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் கேமரா அல்ல, பெயர்தான். நெஞ்சில் 214 என்ற எண் தெரிகிறது. அது யார், எந்தப் பள்ளி? மாலையில் முடிவுத் தாளைத் தேடி அலைவதற்குப் பதில், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் தட வரிசைத் தாளை ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். அடுத்து வரும் படங்கள் எந்த ஓட்டம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். கேமராவின் கடிகாரத்தைக் காலையில் அறிவிப்பு மேசைக் கடிகாரத்தோடு ஒத்துவைத்துவிட்டால் எஞ்சிய குழப்பமும் தீரும். கோப்புக்கு `U18B_100m_Final_01.jpg` என்பதுபோல் பிரிவு, போட்டி, சுற்று வரிசையில் பெயரிடச் சொன்னால் ஒரு வருடம் கழித்தும் தேடி எடுக்கலாம்.

இனி உரிமை. பணம் வாங்கிக்கொண்டு எடுத்தாலும் படம் எடுத்தவருக்கே சொந்தம் என்று பல போட்டோகிராபர்கள் நம்புகிறார்கள். இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, கூலி கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டவரே முதல் உரிமையாளர். போனில் பேசிவிட்டுப் போனவரின் படங்கள் சங்கத்துக்கே போய்விடும். மாறாக, படக்காரர் தம் செலவில் வந்து எடுத்தவை அவருக்கே உரியவை. அவற்றைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தால், காலம் குறிக்காதபோது ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்காதபோது இந்தியா முழுவதும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. எடுத்தவர் தானே என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, படத்தை விற்ற பிறகும் 57ஆம் பிரிவின்படி அவரிடமே இருக்கிறது.

இருவருக்கும் பொருந்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. பதிப்புரிமை படக்காரரிடம் இருக்கட்டும். சங்கம் தன் இணையதளம், சமூக ஊடகப் பக்கம், ஆண்டறிக்கை, பத்திரிகைச் செய்தி ஆகியவற்றுக்கு மூன்று ஆண்டு பயன்படுத்தலாம், ஒவ்வொரு முறையும் எடுத்தவர் பெயரோடு. பத்திரிகைகள் அந்தப் போட்டியைப் பற்றிய செய்திக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். விளம்பரத்துக்கு, உதாரணமாகப் பரிசுக் கோப்பை கொடுத்த கடையின் பிளெக்ஸ் பலகைக்கு, தனிக் கட்டணம். அதோடு விளையாட்டு வீரரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும், 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். சிக்கல் வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி வரி இல்லாததால்தான். செய்திக்காகக் கொடுத்த படம் ஒரு வாரத்தில் கடைத்தெருவில் தொங்குகிறது. பெண்ணின் தந்தை சங்கத்தைக் கேட்கிறார், சங்கம் படக்காரரைக் கைகாட்டுகிறது, படக்காரர் கடையைக் கைகாட்டுகிறார். எழுதியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது அன்றே தெரிந்திருக்கும்.

மாவட்டச் சங்கச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தைப் போட்டிக்கு முந்தின நாளே எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவர்களுக்குத் தட வரிசைத் தாள் எடுக்கும்போது போட்டோகிராபருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.