கரண்ட் வந்தும் காத்திருக்கும் கம்ப்ரசர்

சென்னையின் அடுக்குமாடி வீடு ஒன்று, கோடைப் பகல். கரண்ட் போகிறது; பத்து விநாடியில் ஜெனரேட்டர் உறுமி, விளக்குகள் மறுபடி எரிகின்றன. ஏசியிலிருந்து காற்று வருகிறது, குளிர்ச்சி மட்டும் வரவில்லை. வீட்டுக்காரர் ரிமோட்டை மாற்றி மாற்றி அழுத்துகிறார். பழுது எதுவும் இல்லை. ‘டைம் டிலே’ ரிலே கம்ப்ரசரைச் சுமார் மூன்று நிமிடம் பிடித்து வைத்திருக்கிறது.

காரணம் குழாய்களுக்குள் இருக்கிறது. ஆர்-22 வாயு ஓடும் பழைய ஏசியில், கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கம் ஏறக்குறைய 70 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்றால், வெளியே தள்ளும் பக்கம் 250-ஐத் தொடும். கரண்ட் போனதும் இரு பக்கமும் சமமாக வேண்டும். வாயு அதற்குச் செல்லும் வழியோ நூல் போன்ற துளை கொண்ட கேப்பிலரி குழாய். அதன் வழியே கசிந்து சமமாக இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும்.

அதற்குள் மின்சாரம் கொடுத்தால் மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுழல வேண்டும். வீட்டு ஏசியின் சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு அந்த வலு கிடையாது. சுழலாமல் நின்றபடியே, வழக்கமாக இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுத்துச் சூடாகிறது. ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல், சில விநாடியில் ‘டிக்’, பிறகு அமைதி. அந்த ‘டிக்’, ஓவர்லோட் ப்ரொடெக்டர் இணைப்பைத் துண்டித்த சத்தம். அது ஆறியதும் மீண்டும் சேரும். ஒருமுறை இப்படி நடந்தால் மோட்டார் தாங்கிக்கொள்ளும். நாள்தோறும் நடந்தால் காயிலின் காப்புப் பூச்சு கருகிவிடும்.

ஃபிரிட்ஜுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பலவற்றில் மோட்டாரைக் கிளப்பிவிடுவது பி.டி.சி. என்ற சின்ன வில்லை. ஓடும்போது அது சூடேறி, ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போகும் கரண்டை அடைத்து வைத்திருக்கும். ஆறினால்தான் மறுபடி வழிவிடும். அழுத்தம் சமமாகியிருந்தாலும் வில்லை ஆறாவிட்டால் கம்ப்ரசர் கிளம்பாது.

டிலே கருவிகளில் இரண்டு வகை. ஒன்று, கரண்ட் திரும்பிய கணத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இரண்டு மணி நேரம் மின்தடை இருந்தாலும் மூன்று நிமிடம் காக்க வைக்கும். மற்றது கரண்ட் போன கணத்திலிருந்தே எண்ணும். தடை நீண்டிருந்தால் வந்தவுடன் விட்டுவிடும். முதல் வகை கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான், ஆனாலும் ஒரு லாபம் உண்டு: கரண்ட் வந்ததும் தெருவே ஒரே நேரத்தில் இழுப்பதால் வோல்டேஜ் தள்ளாடும் அந்த முதல் நிமிடங்களைத் தாண்டிவிடலாம்.

இன்றைய ஏசிகளின் போர்டிலேயே இந்தக் காத்திருப்பு எழுதப்பட்டிருக்கிறது. வெளியே மாட்டும் ஸ்டெபிலைசரிலும் டிலே இருந்தால், அது மூன்று நிமிடம் கழித்துக் கரண்டை விட, அதற்குப் பிறகுதான் போர்டு தன் மூன்று நிமிடத்தை எண்ணத் தொடங்கும். ஆறு நிமிடம் குளிர் வரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். ஸ்டெபிலைசரில் டிலேயைக் குறைக்கும் சுவிட்ச் இருந்தால், அத்தகைய ஏசிக்கு அதைப் போட்டுக்கொள்ளலாம். பழைய ஜன்னல் ஏசியோ ஃபிரிட்ஜோ என்றால் அந்தச் சுவிட்சைத் தொடக்கூடாது.