அட்டையில் இருக்கும் ‘2’ எந்த மருந்தின் அளவு?

மருந்துக் கடையில் “சுகர் மாத்திரை, ஜிபி 2 கொடுங்க” என்று கேட்டு வாங்குபவர்கள் நிறையப் பேர். அந்த 2 என்றால் என்ன என்று அவர்களிடம் கேட்டால், “ஒன்றை விடக் கொஞ்சம் பவர் கூட” என்பார்கள். அது சரிதான். ஆனால் எந்த மருந்தின் பவர் கூடுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

நம் ஊரில் அதிகம் புழங்கும் கிளைகோமெட்-ஜிபி மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று மெட்ஃபார்மின், மற்றது கிளிமெபிரைடு. ஜிபி 1 என்றால் மெட்ஃபார்மின் 500 மி.கி., கிளிமெபிரைடு 1 மி.கி. ஜிபி 2-இல் மெட்ஃபார்மின் அதே 500 மி.கி.தான், கிளிமெபிரைடு மட்டும் 2 மி.கி. ஆகிறது. பெயருக்குப் பின்னால் வரும் எண் சொல்வது மாத்திரையில் மிகக் குறைவாக இருக்கும் மருந்தின் அளவைத்தான். அமரில் எம்1, எம்2 மாத்திரைகளிலும் இதே கணக்குதான்.

500 மி.கி. மருந்தோடு 1 மி.கி. சேர்ந்தாலும் 2 மி.கி. சேர்ந்தாலும் மாத்திரையின் பருமனில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வராது. நிறத்தை நம்பவும் முடியாது. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். ஆனால் உடம்புக்குள் அந்த ஒரு மில்லிகிராம் பெரிய வித்தியாசம். மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கிறது. அதை மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமெபிரைடு அப்படியல்ல. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.

காலையும் இரவும் ஜிபி 1 சாப்பிடும் ஒரு வயதானவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மெட்ஃபார்மின் 1000 மி.கி., கிளிமெபிரைடு 2 மி.கி. உள்ளே போகிறது. ஒரு மாதம் கடையில் ஜிபி 2 கைமாறி வந்துவிட்டால் கிளிமெபிரைடு 4 மி.கி. ஆகிவிடும். இரவு பசியில்லை என்று அரை இட்லியோடு படுத்தால், விடியற்காலையில் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழறும் பேச்சு. அதே கடையில் ஜிபி 1 ஃபோர்ட் வந்திருந்தால் கதை வேறு. ஃபோர்ட்டில் கூடுவது மெட்ஃபார்மின். ஒரு மாத்திரையில் 1000 மி.கி. இப்போது கிளிமெபிரைடு அதே 2 மி.கி., மெட்ஃபார்மின் 2000 மி.கி. வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரலாம். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது ஆபத்தாகவே முடியலாம். ‘ஜிபி 2 இல்லை, ஜிபி 1-ஐ இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்பதும் சரியான மாற்று அல்ல. கிளிமெபிரைடு கணக்கு ஒத்துப்போகும், மெட்ஃபார்மின் இரட்டிப்பாகும்.

ஆகவே பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, அட்டையின் பின்புறம் ‘ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியுள்ளவை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் தொடங்கும் வரிகளுக்குப் போக வேண்டும். அங்கே மருந்தின் பெயரும் எதிரே மில்லிகிராமும் இருக்கும். பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் வேறாக இருந்து இந்த வரிகள் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே மருந்து. ஒரு டாக்டர் ஜிபி 1-உம் இன்னொரு டாக்டர் ஜெமர் 1-உம் எழுதிக் கொடுக்க, இரண்டையும் வேறு வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்துச் சாப்பிடும் ஆபத்து இப்படித்தான் பிடிபடும்.

அந்த வரிகளிலேயே எஸ்ஆர், பிஆர், எக்ஸ்ஆர், இஆர் போன்ற எழுத்துகளும் வரும். மருந்து மெதுவாகக் கரைந்து இறங்குவதற்காகச் செய்யப்பட்டது என்று பொருள். இதை நசுக்கியோ மென்றோ சாப்பிட்டால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். சில சமயம் மலத்தில் மாத்திரை போன்ற ஒரு மெத்தென்ற கூடு தெரியும். மருந்து இறங்கியபின் மிஞ்சிய வெறும் கூடு அது, பயப்பட வேண்டாம்.

மூன்றாவது வரியாக வோக்லிபோஸ் இருந்தால், பெரும்பாலும் 0.2 அல்லது 0.3 மி.கி., வீட்டில் குளுக்கோஸ் பொடி கட்டாயம் வைத்திருங்கள். மாவுச்சத்தையும் சீனியையும் குடல் உடைத்து எடுப்பதை அது தாமதப்படுத்துகிறது. அதனால் சர்க்கரை இறங்கி மயங்கும் நேரத்தில் சீனித் தண்ணீரோ மிட்டாயோ கொடுத்தால் பலன் தாமதமாகவே வரும். குளுக்கோஸ் உடைக்கப்பட வேண்டியதில்லை, நேராக ரத்தத்தில் சேரும். விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி சோதியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். கிளிமெபிரைடின் வேலை ஒரு நாள் வரை நீளும். சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.