ரிமோட்ல அடிக்க ஈஸி, உடைக்க கஷ்டம்: ஒரு வைஃபை பாஸ்வேர்டு

உங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அப்பாவோட மொபைல் நம்பரா? நிறைய வீட்டுல அப்படித்தான். டிவி ரிமோட்ல அடிக்க நம்பர் வசதிதான். ஆனா அது எவ்வளவு நேரம் தாங்கும்?

WPA2 நெட்வொர்க்கில் போன் கனெக்ட் ஆகும்போது, போனும் ரவுட்டரும் நாலு மெசேஜ் பரிமாறிக்கொள்ளும். பக்கத்துல இருக்கிற ஒருத்தர் அதைப் பிடிச்சு சேமிச்சுட்டா போதும். அப்புறம் தன் கம்ப்யூட்டர்லயே ஒவ்வொரு பாஸ்வேர்டா போட்டுப் பார்க்கலாம். "மூணு தடவை தப்பு, லாக்" என்பதெல்லாம் அங்கே கிடையாது. விநாடிக்கு 10 லட்சம் முயற்சின்னு வெச்சுக்கோங்க. நம்ம மொபைல் நம்பர் 6, 7, 8, 9-ல்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி வாய்ப்பு. எல்லாத்தையும் முயற்சி பண்ண 4,000 விநாடி, அதாவது ஒரு மணி நேரம் ஏழு நிமிஷம்.

சரி, `Kv7#mQ2$` மாதிரி வெச்சா? டிவியில K, Q ரெண்டுக்கும் ஷிஃப்ட் போகணும். # அடிக்க சிம்பல் பக்கம், திரும்ப எழுத்துப் பக்கம், $ வந்ததும் மறுபடி சிம்பல் பக்கம். நேரத்தைச் சாப்பிடுறது நீளத்தைவிட இந்தத் தாவல்தான். அதனால எல்லாமே சின்ன எழுத்து; பலம் நீளத்திலிருந்து வரட்டும்.

வழி இதுதான். EFF அமைப்போட இணையதளத்தில் 1,296 சின்ன ஆங்கில வார்த்தைகள் கொண்ட லிஸ்ட் இருக்கு. எந்த வார்த்தையும் ஐந்து எழுத்தைத் தாண்டாது. ஒரு தாயக்கட்டையை, ஆறு பக்கம் உள்ளதை, நாலு தடவை உருட்டுங்க. வர்ற நாலு இலக்கத்துக்கு எதிரே இருப்பதுதான் உங்க முதல் வார்த்தை. இப்படி ஐந்து வார்த்தை எடுத்து இடைவெளி விடாம சேருங்க. பார்க்க இப்படி இருக்கும்:

```
clockmangospoonrivertiger
```

(இதையே வெச்சுடாதீங்க!) அதிகபட்சம் 25 எழுத்து, WPA2 63 வரை ஏத்துக்கும். அதே வேகத்தில் எல்லா வாய்ப்பையும் முயற்சி பண்ண சுமார் 116 வருஷம் ஆகும்.

இந்தக் கணக்கு, வார்த்தையைத் தாயம் தேர்ந்தெடுத்தால் மட்டும்தான் செல்லும். மனசுல தோணுற வார்த்தைகளை, ஊர் பேரு, சாமி பேரு, ஹீரோ பேருன்னு, எவரும் முதல்ல முயற்சி பண்ணுவாங்க. அம்மாவுக்கு ஸ்பெல்லிங் தெரியாத வார்த்தை வந்தா தாராளமா மறுபடி உருட்டலாம். ஆனா லிஸ்ட்ல பாதியை அப்படி ஒதுக்கினா 116 வருஷம் மூன்றரை வருஷமா சுருங்கிடும். அப்போ ஆறாவது வார்த்தை சேருங்க. இரண்டாயிரம் வருஷத்தைத் தாண்டும்.

தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்துல வைக்கலாமான்னு கேட்டா, வேண்டாம். பழம் என்பதை நீங்க `pazham`னு வைப்பீங்க, பாட்டி `palam`னு அடிப்பாங்க. டிவியில புள்ளி புள்ளியாத்தான் தெரியும், எங்கே தப்புன்னே கண்டுபிடிக்க முடியாது. பாஸ்வேர்டைக் காட்டும் ஆப்ஷன் இருந்தா அதை ஆன் பண்ணிட்டு அடிக்கச் சொல்லுங்க.

கடைசியா, வார்த்தைகளைத் தனித்தனியா ஒரு பேப்பர்ல எழுதி அலமாரிக்குள்ள ஒட்டிடுங்க. நாம பயப்படுற ஆள் வீட்டுக்கு வெளியே இருக்கார், அலமாரியை அவரால திறக்க முடியாது.