மீட்டர் 500 காட்டுகிறது, கண் ஏன் எரிகிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பளபளப்பான எஃகு உருளைகளில் கீறல் தேடும் ஒரு சோதனை மேஜை என்று வைத்துக்கொள்வோம். லக்ஸ் மீட்டரை மேஜைமேல் வைத்தால் 500 காட்டுகிறது. அந்த வேலைக்கு மோசமில்லாத அளவுதான். ஆனாலும் ஷிஃப்ட் முடிவதற்குள் பார்ப்பவருக்குக் கண் எரிகிறது, தலை வலிக்கிறது, கீறலும் தப்பிவிடுகிறது.

காரணம், லக்ஸ் மீட்டர் அளப்பது ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியை. கண்ணுக்குள் வருவதோ அங்கிருந்து திரும்பும் ஒளி. உருளை கண்ணாடிபோலத் தலைக்குமேல் இருக்கும் டியூப்லைட்டையே திருப்பிக் காட்டுகிறது. அந்த வெள்ளைக் கோட்டுக்குள் கீறல் மறைந்துபோகிறது. கண் அந்தக் கோட்டுக்கும் பக்கத்து இருட்டுக்கும் மாறி மாறிப் பழகுகிறது. தொழிலாளி கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். கழுத்துவலி வருவதும் அதனால்தான்.

எந்த விளக்கு என்று கண்டுபிடிக்க, உருளை இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடியை வைத்து, வழக்கமான இருக்கையிலிருந்து பாருங்கள். விளக்கு தெரிந்தால் அதுதான் குற்றவாளி. இதையே எண்ணாக அளக்க, கண் இருக்கும் இடத்திலிருந்து குறிபார்க்கும் லூமினன்ஸ் மீட்டர் வேண்டும். அலகு, சதுர மீட்டருக்குக் கேண்டெலா.

இங்கே விளக்கைக் கூட்டினால் கூச்சம்தான் கூடும். விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, பால்நிற மூடி போட வேண்டும். பிறகு லக்ஸை மீண்டும் அளக்க வேண்டும். மூடி கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடும். அளக்கும்போது உங்கள் நிழல் மீட்டர்மேல் விழக்கூடாது, பலர் சறுக்குவது இதில்தான்.

2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவும், போதிய வெளிச்சம் தருவதோடு, வழவழப்பான பரப்பில் பட்டுத் திரும்பும் கூச்சத்தையும் தடுக்கச் சொன்னது.